திருத்திய படமும் ஏமாற்றும் படமும்

பள்ளிப் புகைப்படக் குழுவை நடத்தும் ஆசிரியர் படத்தைத் திருத்துவது பற்றிப் பதின்வயது மாணவர்களிடம் பேசத் தொடங்கினால், அநேகமாக முதலில் வரும் கேள்வி “எவ்வளவு எடிட் பண்ணலாம் சார்?” என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் ‘எவ்வளவு’ என்ற அளவுகோல் இங்கே உதவாது. அடியோடு மாற்றிய படம் யாரையும் ஏமாற்றாமல் போகலாம். ஒரு புள்ளிகூட மாற்றாத படம் ஊரையே ஏமாற்றலாம். ஆகவே அந்தப் பேச்சு திருத்தத்தின் அளவை விட்டுவிட்டு, படம் பார்ப்பவரிடம் என்ன சொல்லிக்கொண்டு போய்ச் சேர்கிறது என்ற இடத்துக்கு வந்தாக வேண்டும். ‘இது நடந்தது, இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிக்கொண்டு போகும் படத்துக்கு ஒரு கணக்கு. ‘சும்மா ஒரு வேடிக்கை’ என்று சொல்லிக்கொண்டு போகும் படத்துக்கு வேறு கணக்கு.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஃபிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டு, அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தையும் மறைப்பது டச்சப் செய்பவரின் அன்றாட வேலை. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து விழும். தழும்பின் நிழல் அதோடு போய்விடும். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் சேலைக்கு நிறம் தீட்டுவார்கள். பின்னால் தொங்கும் திரையில் மாளிகைப் படிக்கட்டும் பூந்தொட்டியும் வரைந்திருக்கும். பொருட்காட்சியில் அட்டை விமானத்துக்குள் உட்கார்ந்து குடும்பமே படம் எடுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன தகப்பனாரின் பழைய படத்தை எடுத்துவந்து, மணமக்களுக்குப் பின்னால் தாயாருக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் சேர்த்துத் தரச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. நடக்காத ஒன்றைக் காட்டும் படம்தான் அது. ஆனாலும் அந்த வீட்டில் அதைப் பார்க்கும் யாரும் ஏமாறுவதில்லை. அப்பா இல்லை என்று தெரிந்துதான் அந்தப் படத்தை மாட்டுகிறார்கள்.

அதே கை, அதே பென்சில், அதே தழும்பு. படம் மட்டும் ஆல்பத்துக்குப் போகாமல், பெண் பார்க்கும் முன் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமாகப் போகிறது. இப்போது அதைப் பார்ப்பவர், பார்த்திராத ஒருவரைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். அதை வைத்து ஒரு முடிவும் எடுக்கப்போகிறார். நிறத்தை இரண்டு படி ஏற்றினாலும் அது அவரிடம் சொல்லும் தவறான தகவலாகிவிடுகிறது. (மாநிறத்தைக் குறையாக எண்ணி ஸ்டுடியோக்காரரிடம் வெளுக்கச் சொல்வது தனியே பேச வேண்டிய அவலம்.) கடவுச்சீட்டுப் படத்தில் மருவைக்கூட எடுக்கக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். அந்தப் படத்துக்கு இருக்கும் ஒரே வேலை ஆளை அடையாளம் காட்டுவது.

மதுரையின் கோச்சடைப் பகுதி மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் எடுத்துக்காட்டு தேவையில்லை. மேலக்கால் ரோட்டிலிருந்து இறங்கினால் வைகை. ஆண்டின் பல மாதங்களில் அங்கே தெரிவது மணலும் புல்லும் புதரும் ஆங்காங்கே ஒதுங்கிய பிளாஸ்டிக் குப்பையும்தான். சாயங்கால வெயிலில் ஆடுகள் மேயும் அந்த ஆற்றை ஒரு மாணவி ஃபோனில் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே படத்தை என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்பது தானாகத் தெரியும்.

முதலில் அவள் வெளிச்சத்தைக் கூட்டுகிறாள், சாய்ந்திருக்கும் அடிவானத்தை நேராக்குகிறாள், ஓரத்தில் விழுந்த தன் விரலை க்ராப் செய்கிறாள். எந்தப் பத்திரிகையும் எந்தப் போட்டியும் இதைக் குறை சொல்லாது. கண்ணால் கண்டதற்குப் படத்தைப் பக்கத்தில் கொண்டுவரும் வேலை இது. அடுத்து, ஆட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் பாலித்தீன் பையை அழிக்கிறாள். வீட்டுச் சுவரில் மாட்டவோ காலண்டருக்கோ என்றால் ஒன்றும் இல்லை. ‘இன்றைய வைகை’ என்ற தலைப்பில் பள்ளிக் கண்காட்சியில் வைப்பதற்கு என்றால், ஆற்றின் நிலையைச் சொல்ல வேண்டிய படத்திலிருந்து ஆற்றின் நிலையையே எடுத்துவிட்டாள் என்று பொருள். பை சின்னதாக இருப்பது இதில் கணக்கில்லை.

மூன்றாவதாக, வேறொரு படத்திலிருந்து தண்ணீரை வெட்டி ஒட்டி, இரு கரையும் தொட்டு ஓடும் ஆறாக மாற்றுகிறாள். ‘இப்படி இருந்தால் எப்படி இருக்கும்’ என்று எழுதிப் போட்டால் அது ஓர் ஏக்கம். ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றும் எழுதாமல் ஸ்டேட்டஸில் வைத்தால், அணை திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஒருவர் நம்பி ஃபார்வர்டு செய்வார். அக்கரையில் ஆடு மேய்க்க விட்டவர் பதறி ஓடிவருவார். நான்காவதாக, அதே தண்ணீரில் ஒரு திமிங்கலத்தையும் விடுகிறாள். இதுவரை செய்ததிலேயே பெரிய எடிட் இதுதான், ஏமாற்று குறைவானதும் இதுதான். வைகையில் திமிங்கலம் என்பதை நம்ப மதுரையில் ஆள் கிடைக்காது. ஐந்தாவதாக, அந்தப் படத்தை விட்டுவிட்டு, எந்த எடிட்டும் செய்யாமல், முந்தைய ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்குத் தண்ணீர் விட்டபோது எடுத்த படத்தை எடுத்து ‘இப்போது கோச்சடையில்’ என்று போடுகிறாள். ஐந்திலும் மோசமானது இதுவாகவே இருக்கக்கூடும்.

இந்த ஐந்தையும் பிரிப்பதற்கு இரண்டு கேள்விகள் போதுமானவை. இதைப் பார்ப்பவர் எதை நம்புவார், நம்பி என்ன செய்வார்? பிறகு உண்மை தெரியவந்தால் சிரிப்பாரா, ‘என்னை ஏமாற்றிவிட்டாய்’ என்பாரா? வேடிக்கை எடிட்டின் அடையாளம், அதன் தந்திரத்தை வெளியே சொன்ன பிறகும் அது கெடுவதில்லை என்பது. திமிங்கலப் படத்தை எப்படிச் செய்தேன் என்று விளக்கினால் நண்பர்கள் இன்னும் ரசிப்பார்கள். ஏமாற்றுப் படத்துக்கு அந்த வசதி கிடையாது. விளக்கிய கணமே அதற்கு வேலை போய்விடும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எல்லோர் கண்ணிலும் பட்ட சம்பவம் 2015 சென்னை வெள்ளத்தின்போது நடந்தது. டிசம்பர் 3 அன்று பிரதமர் நரேந்திர மோடி வெள்ளப் பகுதிகளை வானிலிருந்து பார்வையிட்டார். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அதன் படங்களை ட்விட்டரில் வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் பிரதமர் வட்டமான ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் நிற்கும் கட்டடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. அதே படத்தின் திருத்தாத வடிவமும் வெளியில் இருந்தது. அதில் ஜன்னலுக்கு வெளியே மங்கலாக ஏதோ நிலப்பரப்பு, அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். ஜன்னலுக்குள் நிலவையும் சினிமாக் காட்சிகளையும் வைத்து நூற்றுக்கணக்கில் படங்கள் வந்தன. அலுவலகம் படத்தை நீக்கியது. இரண்டு படங்களை ஒன்றாக இணைத்திருந்ததை ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது.

இந்தப் படம் எப்படி மாட்டிக்கொண்டது என்பது புகைப்படக் குழுவுக்கு நல்ல பாடம். ஜன்னலுக்கு உள்ளே வெளிச்சம் குறைவு, வெளியே அதிகம். உள்ளே இருக்கும் முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வெளிக்காட்சி வெளுத்துப்போகும். வெளிக்காட்சிக்கு வைத்தால் உள்ளே இருப்பவர் நிழலாகிவிடுவார். போதாததற்கு ஜன்னலின் கீறல் விழுந்த பிளாஸ்டிக், மழைக்காலத்துக் காற்றின் ஈரம், அருகில் இருப்பவர் மேல் வைத்த ஃபோகஸ் எல்லாம் சேர்ந்து தூரக் காட்சியை மங்கடிக்கும். இத்தனையையும் மீறி இரண்டும் ஒரே தெளிவோடு நின்றால் சந்தேகப்பட வேண்டும். கட்டடங்களின் அளவும் காட்டிக்கொடுத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவை அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டும் என்ற எண்ணம் பொதுவாக இருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, ஃபோகஸ் எங்கே விழுகிறது, தூரத்துக்கு ஏற்ற அளவில் பொருள் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த கண் பாதி வேலையை முடித்துவிடும்.

ஆனால் சம்பவத்தின் கடினமான பகுதி வேறு. சென்னை உண்மையிலேயே மூழ்கிக்கிடந்தது. ஒட்டப்பட்ட காட்சி வெள்ளத்தை மிகைப்படுத்தவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அப்படியானால் பொய் எங்கே? ‘இந்த மனிதர், இந்த ஜன்னல் வழியே, இந்தக் காட்சியைப் பார்த்தார்’ என்பதுதான் அந்தப் படத்தின் வாக்கு. அந்த வாக்கு பொய். நடந்ததை இன்னும் தெளிவாகக் காட்டத்தானே செய்தோம் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அரசின் செய்திப் படத்தைப் பார்ப்பவர் ‘தெளிவான காட்சி’யைத் தேடி வரவில்லை, நடந்ததன் பதிவைத் தேடி வருகிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு படம் பொய் என்று தெரிந்ததும், அதோடு வந்த மற்ற படங்களையும் மக்கள் சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பார்கள். அவற்றில் குற்றம் எதுவும் இல்லாதபோதும் அந்தச் சுமை அவற்றின் மேலும் விழும்.

செய்தி நிறுவனங்கள் இதை அனுபவத்தில் கற்றிருக்கின்றன. 2006 ஆகஸ்டில் பெய்ரூட்டில் குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த புகையைக் காட்டும் ராய்ட்டர்ஸ் படம் ஒன்றில், புகைமூட்டம் குளோன் கருவியால் அடர்த்தியாக்கப்பட்டிருந்தது. ஒரே சுருள் புகை திரும்பத் திரும்ப அச்சுப்போல் வந்ததை வெளியாட்கள்தான் முதலில் கவனித்தார்கள். இயற்கைப் புகை தன்னைத்தானே நகலெடுப்பதில்லை. அந்தப் புகைப்படக்காரரோடு உறவை முறித்துக்கொண்ட ராய்ட்டர்ஸ், அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

‘எவ்வளவு’ என்ற கேள்வி பொருந்தாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று 2010இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் கிடைத்தது. உக்ரைன் தலைநகர் கீவில் தெருச்சண்டை பற்றி எடுத்த படத்தொடர் ஒன்று பரிசு பெற்றது. அதில் ஒரு படம் முதலில் வண்ணத்தில், அகலமான காட்சியாக எடுக்கப்பட்டது. எடுத்தவர் அதில் பெரும்பகுதியை க்ராப் செய்து தள்ளிவிட்டு, கட்டுப்போடும் கையை மட்டும் நெருக்கமாக வைத்து, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டடித்திருந்தார். பார்த்தால் இரண்டும் ஒரே படம் என்று நம்ப முடியாது. இதற்கெல்லாம் நடுவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. பரிசு பறிபோனது, பின்னணியில் எட்டிப்பார்த்த ஒருவரின் கால் நுனியை அவர் அழித்திருந்ததால். வண்ணத்தை எடுப்பதும் ஓரத்தை வெட்டுவதும் எப்படிக் காட்டுவது என்ற முடிவுகள். சட்டகத்துக்குள் இருந்த ஒன்றை இல்லாமல் செய்வது என்ன இருந்தது என்பதையே மாற்றுவது. இந்தத் தீர்ப்பு அளவுக்கு மீறிக் கறாரானது என்று வாதிடுபவர்கள் உண்டு. க்ராப் செய்தாலும் அந்தக் கால் போகத்தானே செய்யும் என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் செய்திப் படத்துக்கு இப்படி ஒரு கறார் கோடு இல்லாவிட்டால், காலுக்கு அடுத்தபடி கையும் கைக்கு அடுத்தபடி ஆளும் போவதைத் தடுக்கப் பிடிமானம் ஏதும் இருக்காது.

புகைப்படக் கழகப் போட்டிகளில் இந்தப் பிரிவினை வெளிப்படையாகவே இருக்கிறது. சர்வதேச அமைப்புகளின் அங்கீகாரத்தோடு நடக்கும் போட்டிகளில் ‘ஓப்பன்’ பிரிவு ஒன்று உண்டு. அங்கே வானத்தை மாற்றலாம், மனிதனுக்கு இறக்கை வைக்கலாம். எல்லாத் துண்டுகளும் போட்டியாளர் தானே எடுத்த படங்களாக இருந்தால் போதும். அதே போட்டியின் ‘நேச்சர்’ பிரிவில் மீன்கொத்திக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைக்கூட அழிக்கக்கூடாது. ஒரே மாணவன் ஒரே நாளில் இரண்டு பிரிவுக்கும் படம் அனுப்பலாம், இரண்டிலும் நேர்மையாக இருக்கலாம். விதி பிரிவுக்குப் பிரிவு மாறுவது, பார்ப்பவருக்குக் கொடுக்கும் வாக்கு மாறுவதால்தான்.

திருத்தமே இல்லாத ஏமாற்றுக்கு மதுரையோடு தொடர்புள்ள எடுத்துக்காட்டு ஒன்று 2023 மார்ச்சில் கிடைத்தது. தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் பரவின. திருப்பூரிலும் பிற ஊர்களிலும் வேலை பார்த்தவர்களின் வீட்டார் அலறிப்போய் ஃபோன் செய்தார்கள். அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு தந்த விளக்கம் படிக்கத் தக்கது. பரவிய இரண்டு வீடியோக்களில் ஒன்று, திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது. மற்றது கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். இரண்டும் பழையவை. காட்சியில் யாரும் கை வைக்கவில்லை. ரத்தம் நிஜ ரத்தம், தெரு நிஜத் தெரு. யார், யாரை, எப்போது என்ற மூன்றை மட்டும் மேலே எழுதிய வரி மாற்றியிருந்தது. வேறொரு வீடியோ பாட்னாவில் வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்று பிகார் காவல்துறை தெரிவித்தது. இந்த விவகாரத்தில் கைதான யூடியூபர் ஒருவர் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டு மத்திய சிறையில் மாதக்கணக்கில் இருந்தார். எடிட் செய்யாதவரை தப்பில்லை என்று நினைத்துக்கொண்டு பழைய வீடியோவை ‘இப்போது’ என்று அனுப்பும் மாணவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள். குழுவில் கேப்ஷன் எழுதப் பழக்குவது கேமரா பிடிக்கப் பழக்குவதற்குக் குறைந்த வேலை இல்லை. இடம், தேதி, யார் என்ற மூன்றும் படத்தின் பகுதியே.

காட்சியையே ஏற்பாடு செய்துவிட்டு இயற்கையாக நடந்ததாகச் சொல்வதும் இந்த வகைதான். 2009இன் சிறந்த காட்டுயிர்ப் படமாக லண்டனில் பரிசு பெற்றது, இரவில் வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் பிறகு முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார்.

விளையாட்டு எந்த இடத்தில் ஏமாற்றாக மாறுகிறது என்பதைப் பதின்வயதினர் தங்களை வைத்தே பார்க்க உதவும் கதை நூறு ஆண்டு பழையது. 1917 கோடையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில், காட்டிங்லி என்ற கிராமத்தில் 16 வயது எல்சி ரைட்டும் அவள் உறவுப்பெண் 9 வயது ஃபிரான்சிஸ் கிரிஃபித்சும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எந்நேரமும் விளையாடினார்கள். காலும் துணியும் நனைந்து வந்ததற்குத் திட்டு விழுந்தது. தேவதைகளைப் பார்க்கப் போனோம் என்றாள் சிறியவள். பெரியவர்கள் நம்பவில்லை. எல்சி அப்பாவின் கேமராவை வாங்கிக்கொண்டு போய் ஒரு படம் எடுத்தாள்: ஃபிரான்சிஸின் முகத்துக்கு முன்னால் சிறகுள்ள குட்டித் தேவதைகள் நடனமாடுகின்றன. ஒரு குழந்தைப் புத்தகத்தின் ஓவியங்களைப் பார்த்து எல்சியே வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் புல்லில் குத்தி நிறுத்திய அட்டைகள் அவை. அப்பா அந்தப் படத்தைக் கழுவிப் பார்த்தார், சிரித்துவிட்டு ஒதுக்கினார். அதோடு முடிந்திருந்தால் அது கோடை விடுமுறைக் குறும்பு.

1919இல் எல்சியின் தாய் பிரம்மஞான சபையின் கூட்டம் ஒன்றுக்குப் போனார். நம் அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான். அங்கே பேச்சுவாக்கில் சிறுமிகள் எடுத்த படங்களைப் பற்றிச் சொன்னார். சபையின் முக்கிய உறுப்பினர் எட்வர்ட் கார்ட்னர் கைக்கு அவை போயின. அவர் ஒரு நிபுணரிடம் காட்டினார். நெகட்டிவில் ஒட்டுவேலை இல்லை, ஒரே எக்ஸ்போஷர்தான் என்றார் நிபுணர். அவர் சொன்னது சரி. கேமராவுக்கு முன்னால் அட்டை நின்றது, நெகட்டிவ் அதைத்தான் பதிவு செய்தது. ‘நெகட்டிவ் உண்மை’ என்பதை ‘தேவதை உண்மை’ என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாய்ல் 1920 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் அவற்றை உலகுக்கு வெளியிட்டார்; இரண்டு ஆண்டில் ஒரு புத்தகமும் எழுதினார். தேவதைகளுக்கு மாதிரியாக இருந்த அந்தக் குழந்தைப் புத்தகத்தில் அவருடைய கதையும் ஒன்று இருந்தது என்பது வேடிக்கை.

சிறுமிகள் இருவரும் ஒப்புக்கொண்டது 1983இல், கிழவிகளான பிறகு. ஏன் அத்தனை காலம் சொல்லவில்லை என்பதற்கு எல்சி தந்த காரணம்தான் இங்கே முக்கியம். அவ்வளவு பெரிய மனிதர் நம்பிவிட்டார். அவரைப் பொதுவில் அவமானப்படுத்த வாய் வரவில்லை. அட்டையை வெட்டியபோது அவர்கள் யாரையும் ஏமாற்றக் கிளம்பவில்லை. அப்பாவையும் அம்மாவையும் தாண்டி, தங்களை அறியாதவர்கள் வந்து ‘இது நிஜமா?’ என்று கேட்டு, ‘ஆம்’ என்று சொன்னபோது அந்தப் படம் வேறாகிவிட்டது. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவர் மாறினார், கேள்வி மாறியது. ஒப்புக்கொள்ளுதல் ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டைவிடக் கடினமானது.

இன்று இந்தப் பயணத்துக்கு மூன்று ஆண்டு தேவையில்லை. ஐந்து நண்பர்கள் உள்ள வாட்ஸ்அப் குழுவுக்குள் எல்லோருக்கும் புரிந்த கேலிப் படம் ஒரு ஃபார்வர்டில் அத்தையின் குழுவுக்கும், அங்கிருந்து தெருக் குழுவுக்கும் போகிறது. படத்தோடு சேர்ந்து சிரிப்பு போவதில்லை. ‘இது எடிட்’ என்று கேப்ஷனில் எழுதியிருந்தாலும் படத்தைச் சேமித்து மறுபடி அனுப்பும்போது அந்த வரி நின்றுவிடும். கேமரா பதிவு செய்யும் நாள், நேரம், கருவி போன்ற விவரங்களும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது உதிர்ந்துபோகும். அதனால் நம்பத்தக்க எடிட் எதற்கும் அறிவிப்பைப் படத்தின் உள்ளேயே, க்ராப் செய்து எடுக்க முடியாத இடத்தில் எழுதுவதும், திருத்தாத மூலக் கோப்பைத் தனியே வைத்திருப்பதும் நல்ல பழக்கம். போட்டி நடுவர்கள் கேட்பதும் அந்த மூலக் கோப்பைத்தான். வந்த படம் எப்போது முதலில் வெளியானது என்று பார்க்கக் கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடல் உதவும். ஆனால் ஒன்றும் அகப்படவில்லை என்பதாலேயே படம் புதியது என்று ஆகிவிடாது.

இதுவரை சொன்ன சோதனை ஓரிடத்தில் பயன்படாமல் போகிறது. இன்னொருவரின் முகத்தை எடுத்து ஆபாசமான உடலோடு ஒட்டும் மார்ஃபிங்கில், அது போலி என்று பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் சேதம் குறைவதில்லை. யாரும் ஏமாறாவிட்டாலும் ஒருவர் காயப்படுகிறார். ஆகவே இங்கே கேட்க வேண்டியது ‘யார் நம்புவார்?’ என்பதை அல்ல, ‘யாருடைய முகம், அவர் சம்மதித்தாரா?’ என்பதை. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் இளம்பெண் ஒருவரின் படம் இப்படி மாற்றப்பட்டு ஃபேஸ்புக்கில் போடப்பட்டது. குடும்பம் புகார் கொடுத்தும் படம் நீக்கப்படும் முன்பே அவர் உயிர் போய்விட்டது. ‘சும்மா கலாய்க்கத்தான்’ என்று ஒரு வகுப்புத் தோழியின் படத்தை மாற்றும் பையனுக்கு, தான் விளையாட்டின் பக்கம் நிற்பதாகத்தான் தோன்றும். படத்தில் இருப்பவர் அந்த விளையாட்டில் சேரவே இல்லை. ஆசிரியரின் தலையை வடிவேலு உடம்பில் ஒட்டுவது இந்த அளவுக்குப் போகாது என்றாலும், அதற்கும் அவரிடமே காட்டத் துணிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

சட்டம் இதைத் தனியாகவே பார்க்கிறது. ஆபாசப் படத்தை மின்னணு வழியில் வெளியிடுவதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் வருகின்றன. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இன்னும் கடுமையான 67பி. அதில் முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்சோ சட்டம் கணினியில் உருவாக்கிய, மாற்றிய படங்களையும் குழந்தை ஆபாசப் படங்களில் சேர்க்கிறது. ஒருவரின் பெயரைக் கெடுக்கப் போலி மின்னணுப் பதிவை உருவாக்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவில் குற்றம். செய்தவர் 18 வயது ஆகாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். வழக்கே இல்லை என்று ஆகாது.

தன் படம் இப்படி மாற்றப்பட்டதைக் காணும் மாணவர் பதற்றத்தில் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழிப்பது. அதைச் செய்யாமல், படம் இருக்கும் பக்கத்தின் முகவரியையும் கணக்கின் பெயரையும் நேரத்தோடு குறித்துக்கொண்டு, நம்பும் பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும். 1930 என்ற எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்க அந்தத் தளத்தில் தனிப் பகுதி இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098 உதவி எண்ணும் உண்டு. ஒருவரின் உருவத்தை மாற்றிய படங்களை, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த குறுகிய நேரத்துக்குள் சமூக வலைத்தள நிறுவனங்கள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்வதால், காவல்நிலையத்தோடு சேர்த்து அந்தத் தளத்துக்கும் புகார் அனுப்புவது வேகமான வழி. உதவி செய்கிறேன் என்று நண்பர்கள் அந்தப் படத்தைச் சான்றாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அனுப்பும் ஒவ்வொருவரும் பரப்பியவராகவே கணக்கில் வருவார்.